வெள்ளைப் பொடி சொன்ன கணக்கு

(மேல்நிலைப் பள்ளி அறிவியல் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாண்புமிகு தலைவர் அவர்களே, இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, கூட்டம் தொடங்குமுன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியோர்களே, ஆய்வக உதவியாளர் அண்ணன் அவர்களே, பதினோராம் வகுப்பு மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். ஆய்வக உதவியாளரை மேடையில் யாரும் விளிப்பதில்லை. இன்று நான் பேசப்போவது முழுக்க அவர் கையால் கழுவி வைத்த பாத்திரங்களைப் பற்றித்தான். அதனால் அவருக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். ஹெஸ் விதி எப்படிப் பிறந்தது, அளக்க முடியாத வெப்பத்தை அதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது, பிணைப்பு ஆற்றல் கணக்கில் விடை ஏன் தோராயமாகவே வருகிறது என்பவை அந்த மூன்று.

ஜெனீவாவில் 1802-இல் பிறந்து, சிறுவயதிலேயே ரஷ்யாவுக்குப் போய் வளர்ந்தவர் ஹெஸ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கந்தக அமிலத்தை எடுத்துக்கொண்டார். அடர்ந்த அமிலத்தை நேராக அம்மோனியாவால் நடுநிலையாக்கினால் ஒரு வெப்பம் வந்தது. முதலில் நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, பிறகு நடுநிலையாக்கினால் இரண்டு தவணையாக வெப்பம் வந்தது. தவணைகளைக் கூட்டிப் பார்த்தார், மொத்தம் அதேதான். எந்த வழியாகப் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்ற இந்த விதியை அவர் 1840-இல் வெளியிட்டார். ஆற்றல் அழியாது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது 1847-இல். அவர் அதை எழுதுவதற்கு ஏழு வருடம் முன்பே, அளந்து அளந்தே ஒரு மனிதர் அந்தப் பெரிய விதியின் வாசலுக்கு வந்துவிட்டார். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்தப் பழமொழியை இன்று நீங்கள் பலமுறை கேட்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மயில்துத்தம். தோட்டத்துக்குப் போர்டோ கலவை போட்ட விவசாயிகள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு அந்த நீலக் கல் தெரியும். ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. சூடாக்கினால் நீர் போய் வெள்ளைப் பொடியாகும். வெள்ளைப் பொடி ஐந்து நீரைத் திரும்ப வாங்கி நீலமாகும்போது எவ்வளவு வெப்பம் வரும்?

நேராக அளக்க முடியாது. சரியாக ஐந்து மோல் நீரை ஊற்றினால் பொடி கட்டிகட்டியாகிவிடும். ஓரிடம் நனைந்து கொதிக்கும், பக்கத்தில் வெள்ளையாகவே கிடக்கும். வெப்பமானியை எங்கே செருகுவீர்கள்? அதனால் சுற்று வழி. வெள்ளைப் பொடியையும் நிறைய நீரில் கரைக்கலாம், நீலப் படிகத்தையும் கரைக்கலாம். இரண்டும் போய்ச் சேருவது ஒரே நீலக் கரைசலுக்கு. வெள்ளைப் பொடி ஒரு மோல் கரைந்தால் 66.5 கிலோஜூல் வெளிவருகிறது, நீலப் படிகம் கரைந்தால் 11.7 கிலோஜூல் உறிஞ்சப்படுகிறது. வெள்ளையிலிருந்து கரைசலுக்கு நேர்வழி ஒன்று, நீலப் படிகம் வழியாகப் போகும் வழி இன்னொன்று. நாம் தேடும் வெப்பத்தை ΔH என்று வைப்போம், வெளிவரும் வெப்பத்துக்குக் கழித்தல் குறி. இரண்டு வழியின் மொத்தமும் சமம்:

ΔH + 11.7 = −66.5

ΔH = −78.2 kJ/mol

இங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். சமன்பாடுகளைக் கூட்டு, கழி என்று மனப்பாடம் செய்தவர்கள் இரண்டு எண்ணையும் அப்படியே கூட்டி −54.8 என்று எழுதுவார்கள். வெள்ளைப் பொடி, நீலப் படிகம், கரைசல் என்று மூன்று பெட்டி போட்டு அம்புக்குறி வரைந்த பிள்ளை தவறமாட்டாள். அம்பு போகிற திசையில் நடந்தால் குறி அப்படியே, எதிரே நடந்தால் குறி மாறும்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐப்பசி மாதம், அடைமழை. மறுநாள் பெற்றோர் முன்னிலையில் இந்தச் சோதனையைச் செய்துகாட்ட வேண்டும். மாலையிலேயே பீங்கான் கிண்ணத்தில் படிகத்தை வறுத்து, வெள்ளைப் பொடியைத் தயாராக மேசைமேல் வைத்துவிட்டுப் போனோம். மூடவில்லை. மறுநாள் அறை நிறையப் பெற்றோர். தெர்மோகோல் கப்பில் 50 கிராம் நீர். 0.025 மோலுக்கு 3.99 கிராம் பொடி. கொட்டிக் கலக்கினோம். எட்டு டிகிரி ஏற வேண்டும், ஐந்தரைதான் ஏறியது. 50-ஐ 4.18-ஆலும் 5.5-ஆலும் பெருக்கி 0.025-ஆல் வகுத்தால் 46 கிலோஜூல். 66.5 எங்கே, 46 எங்கே! கப்பில் ஓட்டை என்றார் ஒருவர், வெப்பமானி பழுது என்றார் இன்னொருவர். ஒரு தந்தை எழுந்து, “சார், புத்தகத்துல இருக்கிற எண்ணையே எழுதிக்கச் சொல்லிடுங்களேன்” என்றார். அந்த வார்த்தை இன்றும் எனக்கு வலிக்கிறது.

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “ஐயா, வெள்ளையா இருக்கும்னு சொன்னீங்க, இது லேசா நீலம் பூத்திருக்கே?” பொடி இரவெல்லாம் மழைக்காற்றில் நீர் குடித்திருந்தது! வரவேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு ராத்திரியே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. மீதிப் பொடியை அவளே மறுபடி மெல்லிய தீயில் வறுத்தாள். இரண்டு முறை அடுத்தடுத்து நிறுத்தபோதும் எடை மாறாத வரை விடவில்லை. கறுக்கத் தொடங்கினால் பொடியே சிதைகிறது என்று பொருள், அதனால் தீயை ஏற்றவும் இல்லை. உலர்த்திக்குள் வைத்து ஆறவிட்டுக் கரைத்தாள். 7.5 டிகிரி ஏறியது. அது 62.7 கிலோஜூல். குறைந்த மீதி பெரும்பாலும் கப்பின் சுவர் வழியாகப் போனது.

அடுத்து நீலப் படிகம், 6.24 கிராம். அவள் நீரை 50 கிராம் எடுக்கவில்லை, 47.75 எடுத்தாள். ஏன் என்றேன். “படிகத்துக்குள்ளேயே 2.25 கிராம் தண்ணி இருக்கே ஐயா, ரெண்டு கப்பும் ஒரே கரைசல்ல முடியணும்ல?” ஹெஸ் விதி முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சேருமிடம் வேறானால் கூட்டல் செல்லாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

படிகம் கரைந்தபோது வெப்பநிலை 1.4 டிகிரி இறங்கியது. அந்த 1.4-ஐ எங்கள் ஆய்வக வெப்பமானியில் படிக்கவே முடியவில்லை. ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்டது அது. கண் அரை டிகிரி பிசகினால் மோலுக்கு 4 கிலோஜூலுக்கு மேல் பிசகும். அளக்கப்போவதோ 11.7. மூன்றில் ஒரு பங்கு போயிற்று! பத்தில் ஒரு டிகிரி காட்டும் வெப்பமானி ஒன்று அந்தப் பள்ளியில் இருந்தது, பீரோவில், பூட்டுக்குள். சாவி வந்தபின் 11.7 கிடைத்தது. அவள் விடை −74.4.

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் நான் கேட்பது அதைத்தான். கட்டிடம் கேட்கவில்லை, கணினி கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்தில் ஒரு டிகிரி வெப்பமானியும், மூடியுள்ள தெர்மோகோல் கப்பும். பத்து வருடமாகப் போகிற மேடையிலெல்லாம் இதைக் கேட்கிறேன். பூட்டி வைத்த வெப்பமானி எந்த வினையின் வெப்பத்தையும் சொல்லாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், அளக்கும் கோலைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாமா?

தலைவர் அவர்கள் மணி அடித்துவிட்டார்கள். பிணைப்பு ஆற்றலைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். நான் கொண்டுவந்த நான்கு வெப்பமானிகள் மேடைக்குக் கீழே மேசைமேல் இருக்கின்றன, பொடி மூடிய புட்டியில் இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருவராக வாருங்கள். புட்டியைத் திறந்ததும் முதலில் நிறத்தைப் பாருங்கள்.