மல்லாந்து நீந்தும்போது இடுப்பு ஏன் இறங்குகிறது?

நேயர்களே, வணக்கம். 2025இல் சிங்கப்பூர் உலகப் போட்டியில் நம் பீட்டர் கூட்சே மல்லாந்து நீந்தும் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்றார். அதன் பிறகு, இங்கே டர்பனில் நான் சொல்லித் தரும் பிள்ளைகள் பலருக்கும் அந்த நீச்சல் மேல்தான் ஆசை. மிதக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் முதலில் வரும் சிக்கல் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். கைகளை விரித்துக்கொண்டு எவ்வளவு நேரமானாலும் மிதப்பாள். கைகளை உடலோடு ஒட்டிக் காலை அடிக்கச் சொன்னால் இடுப்பு இறங்கிவிடும், முகத்தில் தண்ணீர் ஏறும். "நல்லா மிதக்கிறாளே சார், அப்புறம் ஏன் முழுகுறா?" என்று அவள் அம்மா கேட்டார்.

நம்மைத் தூக்கிப் பிடிப்பது நுரையீரலில் இருக்கும் காற்று. அது நெஞ்சுப் பக்கம் இருக்கிறது. எடையின் மையமோ இன்னும் கீழே, தொப்புள் பக்கம். கைகள் மேலே விரிந்திருக்கும்போது எடை கொஞ்சம் தலைப்பக்கம் போகும், கால்களும் மேலேயே நிற்கும். கைகளைக் கீழே கொண்டுவந்தால் அந்தச் சமநிலை போய்விடும். இனி கால்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அவளோ கால் சரியாக அடிக்கிறதா என்று பார்க்கத் தலையைத் தூக்கினாள். தலை உயர்ந்தால் இடுப்பு இறங்கும், முழங்கால் தானாக மடங்கும். முழங்கால் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அது சைக்கிள் மிதிப்பதுதான். மேலே வரும் தொடை தண்ணீரைத் தலைப்பக்கம் தள்ளுவதால், உடலுக்கு அதுவே பிரேக் போடுகிறது.

சரி, என்ன செய்தோம்? கிக்போர்டு என்ற மிதவைப் பலகையைத் தொடைமேல் வைத்து, கைகளை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். காது தண்ணீருக்குள், பார்வை நேர் மேலே. முழங்கால் போர்டில் இடித்தால் தப்பு என்று அவளுக்கே தெரிந்துவிடும். நெஞ்சில் போர்டை அணைத்துப் பிடிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இடுப்பு இன்னும் இறங்கும்.

கால் இடுப்பிலிருந்து அசைய வேண்டும். கீழே போகும்போது கிட்டத்தட்ட நேராகப் போகும். அடியில் முழங்கால் லேசாக மடங்கி, பந்தை மேலே உதைப்பதுபோல் பாதம் சுண்டி எழும். உடலை முன்னே தள்ளுவது பெரும்பாலும் இந்த மேல்நோக்கிய உதைதான். கால்விரல் பக்கத்தில் தண்ணீர் கொப்பளித்தால் போதும், தெறிக்க வேண்டாம். கணுக்கால் தளர்ந்து, பாதம் நீண்டு, கட்டைவிரல்கள் சற்று உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். பாதத்தை நிமிர்த்தி விறைப்பாக வைத்தால், எவ்வளவு அடித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். ஓட்டக்காரர்களிடம் இது அதிகம், கணுக்கால் இறுகியிருக்கும்.

முழங்கால் போர்டில் இடிப்பது நின்ற பிறகு, அவளிடமிருந்து போர்டை வாங்கிவிட்டு, கைகளை உடலோடு வைத்து அடிக்கச் சொன்னேன். அதுவும் நிலைத்த பின்தான் கைகளைத் தலைக்கு மேல் சேர்த்து நீட்டச் சொன்னேன்.

மல்லாந்து போகிறவருக்குச் சுவர் தெரியாது. போட்டிக் குளங்களில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால், தலைக்கு மேலே கொடிக்கயிறு கட்டியிருக்கும். அது இல்லாத குளத்தில் பெரியவர் ஒருவர் அந்த முனையில் நின்று, பிள்ளை நெருங்கும்போது தலைக்குக் கை கொடுக்க வேண்டும்.