ரெண்டு பேர் பிரிஞ்சா நைட் டூட்டி யார் தலையில? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "அண்ணா, வணக்கம். நான் பாண்டிச்சேரியில ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீஷியன். கூட வேலை பாக்குற ரெண்டு பேர் ரெண்டு வருஷமா காதலிச்சு, போன மாசம் பிரிஞ்சுட்டாங்க. ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவங்க. அவங்களுக்கு டூட்டி மாத்திக் குடுத்தே இந்த மாசம் எனக்கு ஏழு நைட். லேப்ல பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். நான் எப்படிண்ணா நடுவுல நிக்கிறது?"

பதில்: இந்தத் தங்கச்சி கேள்வியோட டூட்டி சார்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. அதைப் பாத்ததுல இருந்து மனசு அதுலயே நிக்குது. முதல்ல சார்ட்டைப் பேசிடுவோம், மத்ததெல்லாம் அப்புறம்.

லேப்ல எட்டுப் பேர். இன்சார்ஜ் பகல் மட்டும்தான், மீதி ஏழு பேர் மாறி மாறி வர்றாங்க. காலை ஏழுல இருந்து ரெண்டு வரைக்கும் மூணு பேர், ரெண்டுல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் ரெண்டு பேர், ஒம்பதுல இருந்து விடியற வரைக்கும் ஒரே ஆள், ஒருத்தருக்கு ஆஃப். முப்பது நைட்டை ஏழு பேருக்குப் பிரிச்சா அஞ்சு பேருக்கு நாலு, ரெண்டு பேருக்கு அஞ்சு. சார்ட்டை முதல்ல அப்படித்தான் போட்டிருக்காங்க. பிரிஞ்ச பையனுக்கு அஞ்சு, பொண்ணுக்கு நாலு, கேள்வி கேட்ட தங்கச்சிக்கு நாலு. இப்ப அந்த ரெண்டு பேருக்கும் மூணு மூணு, தங்கச்சிக்கு ஏழு.

இப்ப ஒரு விஷயம் யோசிங்க. நைட்ல இருக்கறது ஒரே ஆள்தானே? அந்த ரெண்டு பேரும் நைட்ல சந்திக்கவே வழி இல்லையே! "ஹேண்டோவர் குடுக்கும்போது பாக்கணுமே"ன்னு சொல்லியிருப்பாங்க. ஒம்பது மணிக்கு ஒப்படைக்கறப்ப ஈவினிங்ல ரெண்டு பேர் இருக்காங்க, இன்னொருத்தர் ஒப்படைக்கலாம். காலையில வாங்கிக்க மூணு பேர் இருக்காங்க. ரெண்டு பேரும் தனியா மாட்டுறது ஈவினிங்குக்கு அவங்க ரெண்டு பேரையே போட்டா மட்டும்தான், ஏழு மணி நேரம் ஒரே ரூம்ல. மாத்த வேண்டியது அந்த நாட்களை மட்டும். ஒருத்தர் காலைக்குப் போகணும், காலை ஆள் ஒருத்தர் ஈவினிங்குக்கு வரணும், முடிஞ்சது. ஒரு நைட்டைக்கூட யாரும் ஏத்துக்க வேண்டியதில்ல.

அப்போ இந்த மூணு நைட் எப்படி வந்துச்சு? பரிதாபத்துல. "மனசு சரியில்லடி, இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கோ." தப்பு சொல்லல, அந்த வலி நிஜம். ஆனா ஒருத்தரோட வலிக்கு இன்னொருத்தர் தூக்கத்தால விலை குடுத்தா, ரெண்டு மாசத்துல பாசம் போய் எரிச்சல்தான் மிஞ்சும். அந்த எரிச்சல் வந்த நாள்ல நீங்க நடுநிலையில இல்ல.

அதனால மாத்திக்கறதுக்கு ஒரு முறை வெச்சுக்குங்க. நைட்டுக்கு நைட், ஈவினிங்குக்கு ஈவினிங். அதே மாசத்துக்குள்ள எந்தத் தேதியில திருப்பித் தருவாங்கன்னு மாத்தும்போதே எழுதிடணும், இன்சார்ஜ் கையெழுத்து வாங்கிடணும். தேதி சொல்ல முடியலைன்னா மாத்திக்க வேணாம். இதை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சொல்லணும். பையனுக்கு ஒரு சட்டம், பொண்ணுக்கு ஒரு சட்டம்னா, நீங்க எந்தப் பக்கம்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டின மாதிரி.

அடுத்தது தூது. தூது போகாதீங்க. திரும்பவும் சொல்றேன், தூது போகாதீங்க! "அவன்கிட்ட இதை மட்டும் சொல்லிடு"ங்கறது சின்ன உதவி மாதிரிதான் தெரியும். ஆனா நீங்க சொல்ற தொனி, விட்டுப்போற ஒரு வார்த்தை, எல்லாத்துக்கும் அப்புறம் நீங்கதான் பொறுப்பு. அந்தப் பொண்ணும் தங்கச்சியும் கடலூர்ல இருந்து ஒரே பஸ்ல வர்றாங்களாம். கன்னியக்கோயில்ல ஆரம்பிச்ச கதை அரியாங்குப்பம் தாண்டியும் முடியறதில்லன்னு எழுதியிருக்காங்க. கேளுங்கம்மா, காது குடுக்கறது தப்பில்ல. ஆனா கேட்டதைப் பஸ்லயே விட்டுட்டு இறங்குங்க. "நீ சொல்றதைக் கேப்பேன். அவன்கிட்ட கொண்டுபோக மாட்டேன். அவன் சொல்றதையும் உங்கிட்ட கொண்டு வர மாட்டேன்." இந்த மூணு வரியை ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நாள்ல சொல்லிடுங்க.

ஆனா தூது போகாம இருக்கறது வேலை சேதிக்குப் பொருந்தாது. லேப்ல இது ரொம்ப முக்கியம். வார்டுல இருந்து ஒரு சாம்பிள் வருது, பொட்டாசியம் 6.8 காட்டுது. பாத்தா ஹீமோலைஸ் ஆன சாம்பிள். சிவப்பணு உடைஞ்சா உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய வந்து அளவை ஏத்திக் காட்டும். பையன் வார்டுக்குப் போன் பண்ணி மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்லிடுறான். மணி ஒண்ணு நாப்பது. ரெண்டு மணிக்கு வர்றது அந்தப் பொண்ணு. பேச்சு வார்த்தை இல்ல, பையை எடுத்துட்டுக் கிளம்பிடுறான். ரெண்டாவது சாம்பிள் வந்துச்சா இல்லையான்னு கேக்க ஆளே இல்ல. ஒருவேளை நோயாளிக்கு நிஜமாவே பொட்டாசியம் ஏறியிருந்தா இதயத் துடிப்பே கெட்டுப்போகும். ரெண்டு பேரோட மௌனத்துக்கு நடுவுல நிக்கறது அந்த நோயாளி.

அதனால ஹேண்டோவரை வாயோட விடாதீங்க. ரெஜிஸ்டர்ல எழுதணும்: எந்த சாம்பிள் பாக்கி, எதுக்கு மறு சாம்பிள் கேட்டிருக்கு, வார்டுல யார்கிட்ட எத்தனை மணிக்குச் சொன்னது, அவங்க அளவைத் திருப்பிச் சொன்னாங்களா, மெஷின் சரியா அளக்குதான்னு பாக்கப் போடுற கன்ட்ரோல் எந்த மெஷின்ல தப்பா வருது. குடுக்கறவர், வாங்கறவர் ரெண்டு பேரும் கையெழுத்து. எட்டுப் பேருக்கும் இதைப் போடணும். அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் போட்டா அது தண்டனை மாதிரி ஆயிடும்.

வாட்ஸ்அப்லயும் இதேதான். அந்தப் பையன் இல்லாம ஒரு குரூப் ஆரம்பிச்சிருக்காங்களாம். பொறந்தநாள் வாழ்த்துக்கு எத்தனை குரூப் வேணா வெச்சுக்குங்க. டூட்டி, ரீஏஜென்ட் தீந்தது, மெஷின் நின்னது, இதெல்லாம் எட்டுப் பேரும் இருக்கற குரூப்ல மட்டும் வரணும். சின்ன குரூப்ல யாராவது டூட்டி சேதி போட்டா, "இதைப் பெரிய குரூப்ல போடுங்க"ன்னு எழுதுங்க. அவ்வளவு போதும்.

இதெல்லாம் பிரிஞ்ச ரெண்டு பேரும் ஒதுங்கி இருக்கற வரைக்கும்தான். ஒருத்தர் வேணாம்னு சொன்ன பிறகும் மெசேஜ் அனுப்பறது, பஸ் ஸ்டாப்ல மறிக்கறது, பழைய போட்டோவைக் காட்டி மிரட்டறது நடந்தா அது காதல் தோல்வி இல்ல. அங்க நடுநிலைங்கறதும் இல்ல. 2013-ஆம் வருஷப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல, புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கணும், லேப்ல எட்டுப் பேர்னாலும் ஆஸ்பத்திரி முழுக்கத்தான் கணக்கு. அந்தப் பொண்ணு சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், தக்க காரணம் இருந்தா குழு இன்னும் மூணு மாசம் வரை நீட்டிக்கலாம். கேட்டா, நீங்க கண்ணால பாத்ததை, காதால கேட்டதை மட்டும் சொல்லுங்க. வெளிய பேசாதீங்க, புகார் விவரத்தை ரகசியமா வெச்சிருக்கணும்னு அந்தச் சட்டமே சொல்லுது.

தங்கச்சி கேட்காத ஒண்ணைக் கேட்டிருக்கலாம்னு நினைக்கிறேன்: "இன்சார்ஜ்கிட்ட எப்படிச் சொல்றது?" அவங்க அந்தப் பொண்ணுக்கு நெருக்கம்னு எழுதியிருக்கீங்க. அதனால காரணத்தைப் பேசவே பேசாதீங்க. ஒரு தாள்ல மூணு கட்டம் போடுங்க. பேர், சார்ட்ல இருந்த நைட், பாத்த நைட். ஏழு பேருக்கும் எழுதுங்க, உங்களுக்கு மட்டும் எழுதினா புலம்பல் ஆயிடும். "அக்கா, எனக்கு மூணு நைட் அதிகம் வந்திருக்கு. அடுத்த மாசம் அவங்க ரெண்டு பேர் கணக்குல அந்த மூணையும் ஏத்திக்கலாமா?"ன்னு கேளுங்க. யார் யாரோட பேசலை, யார் அழுதாங்க, எதுவும் அந்தத் தாள்ல இருக்கக் கூடாது. உங்க சார்ட் 25-ஆம் தேதி ஒட்டுறாங்கன்னு சொல்லியிருக்கீங்க. 22-ஆம் தேதிக்குள்ள குடுத்துடுங்க, ஒட்டின பிறகு அதை மாத்த யாரும் ஒத்துக்க மாட்டாங்க.