இரண்டு நடுவர்கள், இரண்டு வரிசைகள்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிப் பேச்சுப் போட்டி ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். மேடைக்கு எதிரே இரண்டு நடுவர்கள், ஆளுக்கொரு மதிப்பெண் தாள். போட்டி முடிந்ததும் இரண்டு தாள்களையும் கூட்டி முடிவை அறிவித்துவிடுவோம். அந்த இருவரும் ஒரே மாதிரித்தான் தீர்ப்புச் சொன்னார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஐந்து பிள்ளைகள் பேசினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நால்வரும் நன்றாகப் பேசினார்கள். ஐந்தாவது பிள்ளைக்கு இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு எல்லாம் மறந்துபோய், பாதியில் இறங்கிவிட்டது. முதல் நடுவர் முதல் நால்வருக்கும் பேசிய வரிசையிலேயே 70, 72, 74, 76 என்று ஏறுமுகமாகப் போட்டார். இரண்டாம் நடுவர் அதே நால்வருக்கு 76, 74, 72, 70 என்று இறங்குமுகமாகப் போட்டார். ஐந்தாவது பிள்ளைக்கு இருவரும் 20.

கையில் பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், இந்த எண்கள் மறுபடியும் வரும். ஒருவர் ஏறுகிறார், மற்றவர் இறங்குகிறார், கடைசிப் பிள்ளைக்கு மட்டும் இருவரும் 20. நினைவில் அது போதும்.

இந்த இருவரும் ஒத்துப்போனார்களா? நால்வரில் யார் சிறந்தவர் என்று கேட்டால் நேர் எதிரான பதில் சொல்லியிருக்கிறார்கள். மதிப்பெண்ணைக் கூட்டினால் நால்வருக்கும் 146 வந்து, பரிசு யாருக்கு என்றே தெரியாமல் போகும். ஆனால் பாடப்புத்தகத்தில் முதலில் வரும் கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 0.98 வருகிறது. முழு ஒற்றுமைக்கு 1, முழு எதிர்ப்புக்கு கழித்தல் 1 என்பது அதன் அளவுகோல். அதில் 0.98 என்றால் இரு நடுவரும் ஏறக்குறைய ஒரே மனம் என்று பொருள்!

எங்கே தவறு நடந்தது? அந்தக் கெழு, ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்கிறது. இங்கே இருவருடைய சராசரியும் 62.4. நல்ல பேச்சாளர்கள் அதற்கு மேலே 8 முதல் 14 மதிப்பெண் தூரத்தில் நிற்கிறார்கள். பாதியில் இறங்கிய பிள்ளையோ 42 மதிப்பெண் கீழே. இந்தத் தூரங்களைப் பெருக்கிக் கூட்டும்போது அந்த ஒரே பிள்ளையின் பங்கு மற்ற நால்வரின் பங்கையும் விழுங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு நால்வருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், கெழு கழித்தல் 1. முழு எதிர்ப்பு. ஒரே ஆளின் மதிப்பெண் அதைக் கழித்தல் 1-லிருந்து 0.98-க்கு இழுத்து வந்திருக்கிறது.

இன்னொன்று. இருவரும் கொஞ்சம் இரக்கப்பட்டு அந்தப் பிள்ளைக்கு 20-க்குப் பதில் 60 போட்டிருந்தால்? வரிசையில் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாம் இடம் ஐந்தாம் இடம்தான். ஆனாலும் பியர்சன் கெழு 0.98-லிருந்து 0.74-க்கு இறங்கிவிடும்.

இங்கே சற்று நிற்கிறேன், எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இது. நடுவர் போடும் மதிப்பெண் துணிக்கடையின் மீட்டர் கோல் அல்ல. மீட்டர் கோலில் 20-க்கும் 22-க்கும் நடுவே உள்ள நீளமும், 70-க்கும் 72-க்கும் நடுவே உள்ள நீளமும் ஒன்றே. நடுவர் தாளில் அப்படியில்லை. 70 போட்டவர் 72 போட்டபோது ‘இவன் அவனைவிடக் கொஞ்சம் மேல்’ என்றுதான் சொன்னார். எவ்வளவு மேல் என்று அளந்து சொல்லவில்லை. சிலர் 60-க்கும் 65-க்கும் இடையிலேயே எல்லாரையும் அடக்கிவிடுவார்கள். சிலர் 40-லிருந்து 90 வரை தாராளமாகப் பரப்புவார்கள். இருவரும் ஒரே வரிசையைச் சொல்லியிருந்தாலும், இடைவெளிகள் ஒரே விகிதத்தில் விழாவிட்டால் சாதாரண ஒட்டுறவு 1-ஐத் தொடாது. அவர்கள் உறுதியாகச் சொன்னது முன்பின் மட்டும். இடைவெளி, அவரவர் கைப்பழக்கம். முன்பின்னை மட்டும் எடுத்துக்கொண்டு இடைவெளியைத் தள்ளிவிடுவதுதான் தர ஒட்டுறவு. சார்லஸ் ஸ்பியர்மன் என்ற ஆங்கில உளவியலாளர் 1904-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இந்த முறை பரவியது. அதனால் அவர் பெயரிலேயே அழைக்கிறோம்.

செய்முறை எளிது. மதிப்பெண்ணை மறந்துவிட்டு, ஒவ்வொரு நடுவரின் தாளிலும் முதலிடம், இரண்டாமிடம் என்று தரம் எழுதுங்கள். நம் முதல் நடுவரிடம் பிள்ளைகளின் தரம் 4, 3, 2, 1, 5. இரண்டாம் நடுவரிடம் 1, 2, 3, 4, 5. பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் 3, 1, கழித்தல் 1, கழித்தல் 3, பூச்சியம். இந்த வித்தியாசங்களைக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் தரம் எழுதியதில் பிழை இருக்கிறது, மேலே போகாதீர்கள். இனி வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 9, 1, 1, 9, மொத்தம் 20. அதை 6-ஆல் பெருக்கினால் 120. கீழே வகுக்க வேண்டியது, ஆட்களின் எண்ணிக்கையை அதன் வர்க்கத்தில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கியது. 5 பெருக்கல் 24, அதுவும் 120. வகுத்தால் 1. அதை 1-லிருந்து கழித்தால் பூச்சியம்.

பியர்சன் கெழு 0.98, ஸ்பியர்மன் கெழு பூச்சியம். அதே தாள்கள், அதே பிள்ளைகள். கடைசிப் பிள்ளையைப் பற்றி இருவரும் ஒத்துப்போனதும் கணக்கில் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் கழித்தல் 1 வரவில்லை. ஆனால் அந்த ஒற்றுமைக்கு ஓர் இடத்தின் எடை மட்டுமே. 20 போட்டாலும் 60 போட்டாலும் இந்தப் பூச்சியம் அசையாது.

அதிகம் தடுமாறும் இடம், சம மதிப்பெண். இரண்டாவது, மூன்றாவது பேச்சாளர் இருவருக்கும் இரண்டாம் நடுவர் 74 போட்டுவிட்டார் என்று கொள்வோம். விளையாட்டுப் போட்டியில் இருவருக்கும் இரண்டாமிடம் கொடுத்து, அடுத்தவரை நான்காமிடம் என்போம். இங்கே அது கூடாது. இரண்டாம், மூன்றாம் இடங்களின் சராசரியான 2.5-ஐ இருவருக்கும் கொடுக்க வேண்டும். சரிபார்க்க ஒரு வழி: ஐந்து பேரின் தரங்களைக் கூட்டினால் எப்போதும் 15. இருவருக்கும் 2 போட்டால் 14தான் வரும், பிழை தெரிந்துவிடும். சமங்கள் நிறைய இருந்தால் 6-ஆல் பெருக்கும் சூத்திரம் துல்லியம் இழக்கும். அப்போது அந்தத் தரங்களையே மதிப்பெண்ணாக வைத்துச் சாதாரண ஒட்டுறவைப் போடுங்கள். சமம் இல்லாதபோது இரண்டு வழியும் ஒரே விடையைத்தான் தரும்.

ஒருவருக்கு மேலிருந்தும் மற்றவருக்குக் கீழிருந்தும் தரம் எழுதிவிட்டால் விடையின் குறி தலைகீழாகும். அதையும் கவனியுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. இரண்டு விஷயம் மட்டும் வேகமாக. ஆட்கள் குறைவாக இருந்தால் பெரிய கெழுவைக் கண்டு மயங்காதீர்கள். ஐந்து பேரை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். நடுவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் அந்த 120-இல் 5 வரிசைகள் 0.9 அல்லது அதற்கு மேல் தந்துவிடும். இன்னொன்று, மாரிஸ் கெண்டல் 1938-இல் தந்த வேறொரு வழி. பிள்ளைகளை இருவர் இருவராக எடுத்து, யார் மேல் என்பதில் நடுவர்கள் ஒத்துப்போகிறார்களா என்று எண்ணுங்கள். நம் ஐவரில் 10 ஜோடிகள். 4-இல் ஒற்றுமை, 6-இல் முரண். வித்தியாசமான கழித்தல் 2-ஐ 10-ஆல் வகுத்தால் கழித்தல் 0.2. மறுபடி கூட்டம் கூட்டும்போது நடுவர்களிடம் அந்த 6 ஜோடிகளைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். வணக்கம்.