பிரிட்ஜ் சுற்றின் நடுக்கிளையில் எவ்வளவு மின்னோட்டம்?

[திரையில்: வைர வடிவச் சுற்று. மேல்முனையில் பேட்டரியின் நேர்முனை, கீழ்முனையில் எதிர்முனை.]

இந்தச் சுற்றில் ஒரு 10 வோல்ட் பேட்டரியும் ஐந்து மின்தடைகளும் இருக்கின்றன. இடது பக்கம் மேலே 20 ஓம், கீழே 30 ஓம். வலது பக்கம் மேலே 40 ஓம், கீழே 60 ஓம். இரண்டு பக்கத்திலும் நடுவில் ஒரு சந்தி இருக்கிறது. அந்த இரண்டு சந்திகளையும் குறுக்கே இணைப்பது ஓர் 8 ஓம் மின்தடை. அதன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகும்?

பன்னிரண்டாம் வகுப்பில் வீட்ஸ்டன் சமனச்சுற்று என்று படித்தோமே, அதே சுற்றுதான். 1833-இல் இதை முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. பத்து வருடம் கழித்து அதைப் பிரபலமாக்கிய வீட்ஸ்டன், இது கிறிஸ்டியுடையது என்று சொல்லத்தான் செய்தார். ஆனாலும் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் அந்த 8 ஓமைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

[திரையில்: நடுக்கிளை மறைகிறது. இடது, வலது இரண்டு தனித்தனி ஏணிகள்.]

இப்போது இடது பக்கம் 20-உம் 30-உம் தொடரிணைப்பு, மொத்தம் 50 ஓம். கீழ்முனையைச் சுழியம் என்று வைத்துக்கொண்டால், இடது சந்தியின் மின்னழுத்தம் 30 ஓமுக்குக் குறுக்கே இருப்பதுதான்:

10 × 30/50 = 6 வோல்ட்

வலது பக்கமும் அதே மாதிரி:

10 × 60/100 = 6 வோல்ட்

இரண்டு சந்தியும் 6 வோல்ட்டில் நிற்கின்றன. இனி நடுவில் 8 ஓமை மாட்டினாலும் 8000 ஓமை மாட்டினாலும் அதில் மின்னோட்டம் கிடையாது, ஏனென்றால் தள்ளுவதற்கு மின்னழுத்த வேறுபாடே இல்லை. இதுதான் சமநிலை. 20/30 = 40/60 என்று புத்தகத்தில் வரும் விகிதம் சொல்வதும் இதைத்தான். மின்தடைகள் சமமாக இருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு பக்கமும் 10 வோல்ட்டை ஒரே விகிதத்தில் பிரித்தால் போதும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நடுக்கிளையைத் திறந்து விட்டால் மொத்த மின்தடை 50-உம் 100-உம் பக்க இணைப்பில், அதாவது 33.3 ஓம். நடுக்கிளைக்குப் பதில் வெறும் கம்பியைப் போட்டால், மேலே 20-உம் 40-உம் பக்க இணைப்பாகி 13.3, கீழே 30-உம் 60-உம் சேர்ந்து 20. கூட்டினால் மறுபடியும் 33.3. நடுவில் என்ன இருந்தாலும் பேட்டரிக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இப்போது சமநிலையைக் கெடுப்போம். வலது பக்கம் கீழே இருக்கும் 60 ஓமை எடுத்துவிட்டு 40 ஓம் போடுகிறேன்.

[திரையில்: 60 அழிந்து 40 ஆகிறது. நடுக்கிளை இன்னும் கழற்றியபடியே.]

இடது சந்தி அதே 6 வோல்ட். வலது சந்தி 10 × 40/80 = 5 வோல்ட். வேறுபாடு 1 வோல்ட்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுவார்கள். 1 வோல்ட்டை 8 ஓமால் வகுத்து 125 மில்லி ஆம்பியர் என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. அந்த 1 வோல்ட் இருப்பது நடுக்கிளை கழற்றியிருக்கும்போது மட்டும்தான். 8 ஓமை மாட்டியதும் இடது சந்தியிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் வலது பக்கம் பிரிந்து போகும். அப்போது மேலே 20 ஓமில் ஓடுவதும் கீழே 30 ஓமில் ஓடுவதும் ஒன்றாக இருக்காது. அவை இனி தொடரிணைப்பே அல்ல. இடது சந்தியின் மின்னழுத்தம் இறங்கும், வலது சந்தியுடையது ஏறும், வேறுபாடு சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்வதுதான் தெவினின் தேற்றம்.

[திரையில்: பேட்டரி இருந்த இடத்தில் ஒரு கம்பி. மேல்முனையும் கீழ்முனையும் ஒரே புள்ளியாக இழுத்து வரையப்படுகின்றன.]

பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பியைப் போடுங்கள். பேட்டரிக்கு அகமின்தடை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். மேல்முனையும் கீழ்முனையும் இப்போது ஒரே புள்ளி. படத்தை மறுபடி வரைந்து பாருங்கள், பழைய வைர வடிவத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால் 20-ஐயும் 30-ஐயும் கூட்டத்தான் கை போகும். புதிய படத்தில், இடது சந்தியிலிருந்து அந்தப் பொதுப்புள்ளிக்கு 20 ஒரு வழி, 30 இன்னொரு வழி. ஆகவே பக்க இணைப்பு: 20 × 30/50 = 12 ஓம். பொதுப்புள்ளியிலிருந்து வலது சந்திக்கு 40-உம் 40-உம் பக்க இணைப்பு, 20 ஓம். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் 32 ஓம்.

ஆக, 8 ஓமின் பார்வையில் அவ்வளவு பெரிய சுற்றும் ஒரு 1 வோல்ட் பேட்டரி, அதனோடு தொடரில் ஒரு 32 ஓம். முதலாவது தெவினின் வோல்ட்டேஜ், இரண்டாவது தெவினின் மின்தடை. அவ்வளவுதான்.

1 / (32 + 8) = 0.025 ஆம்பியர்

25 மில்லி ஆம்பியர். இடது சந்தி உயர்ந்த மின்னழுத்தத்தில் இருப்பதால் திசை இடமிருந்து வலம். அவசரப்பட்டு எழுதிய விடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இது.

சரிபார்த்துவிடலாம். 8 ஓமுக்குக் குறுக்கே 0.025 × 8 = 0.2 வோல்ட். இடது சந்தி 5.7, வலது சந்தி 5.5 என்று போட்டுப் பாருங்கள். இடது சந்திக்கு மேலிருந்து வருவது 4.3/20 = 215 மில்லி ஆம்பியர், கீழே போவது 5.7/30 = 190. மீதி 25. வலது சந்தியில் மேலிருந்து வருவது 4.5/40 = 112.5, கீழே போவது 5.5/40 = 137.5. அங்கேயும் 25 வித்தியாசம். கிர்க்காஃப் விதி இரண்டு சந்தியிலும் பொருந்துகிறது.

மூன்று கண்ணிகளுக்கும் கிர்க்காஃப் சமன்பாடு எழுதித் தீர்த்தாலும் இதே 25-தான் வரும். பேட்டரிக்கு அகமின்தடை இருந்தால் அந்த வழிதான் சுலபம், அப்போது மேல்முனையும் கீழ்முனையும் ஒரே புள்ளி ஆகாது, நம் 12-உம் 20-உம் செல்லாது. ஆனால் சமநிலை மட்டும் அகமின்தடையால் கெடாது. 10 வோல்ட் 9 ஆனாலும் இரண்டு சந்தியும் சேர்ந்தே இறங்கும்.

கடையில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசுக்குள் லோடு செல் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் இதே சுற்றுதான். பாரம் ஏறினால் மின்தடைகள் மிகக் கொஞ்சமாக மாறும், இரண்டு சந்திகளுக்கு இடையே சில மில்லி வோல்ட் தோன்றும். ஆனால் அங்கே நடுக்கிளையில் மாட்டியிருப்பது 8 ஓம் இல்லை, மிகப் பெரிய உள்ளீட்டு மின்தடை கொண்ட ஆம்ப்ளிஃபயர். சமநிலை கெட்டிருந்தாலும் நடுவில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. அதனால் அங்கே தெவினின் வோல்ட்டேஜ் மட்டும் போதும், 32 ஓம் மாதிரிக் கணக்கே வேண்டாம்.

[திரையில்: வலது கீழ் மின்தடை 40 அழிந்து 120 ஆகிறது.]

கடைசியாக ஒன்று, வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். வலது கீழே 120 ஓம்.

வலது சந்தி 10 × 120/160 = 7.5 வோல்ட். இடதிலிருந்து வலதைக் கழித்தால் −1.5. தெவினின் மின்தடை 12 + 30 = 42 ஓம், 8-ஐச் சேர்த்தால் 50. விடை −30 மில்லி ஆம்பியர். அந்தக் கழித்தல் குறியை அழித்துவிட வேண்டாம்: மின்னோட்டம் இப்போது வலமிருந்து இடம் போகிறது.