எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு செக்

நேயர்களுக்கு வணக்கம். காசோலையைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்று இன்று பார்க்கலாம். பேச்சு வழக்கில் உள்ளபடி நானும் செக் என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் எழுதிக் கொடுக்கும் செக் தாள் இப்போது உங்கள் வங்கிக்குப் போவதே இல்லை. வாங்கியவர் தன் வங்கியில் போட்டதும் அங்கே அதை ஸ்கேன் செய்கிறார்கள். தாள் அங்கேயே தங்கிவிடும், படம் மட்டும்தான் உங்கள் வங்கிக்கு வரும். அந்தப் படத்தைத் திரையில் பார்த்துப் பணம் கொடுக்கலாமா, திருப்பலாமா என்று முடிவெடுப்பவருக்கு உங்களைத் தெரியாது. 'இந்த எழுத்து என்ன?' என்று உங்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டார். அதனால் படத்தில் தெளிவாக விழும்படி கறுப்பு அல்லது நீல மையில் எழுதுங்கள். பென்சிலும் அழிக்கக்கூடிய மைப் பேனாவும் வேண்டவே வேண்டாம். செக்கின் அடியில் எண்கள் அச்சிட்ட வெள்ளைப் பட்டை இருக்கிறதே, அது இயந்திரம் படிப்பதற்கான இடம். கையெழுத்தின் வாலோ, முத்திரையோ அதில் விழக் கூடாது.

இனி ஒரு செக்கை எழுதிப் பார்ப்போம். வீட்டு வேலைக்குக் கம்பியும் சிமெண்டும் வாங்கிய வகையில் செல்வம் என்ற கடைக்காரருக்கு நீங்கள் 53,000 ரூபாய் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்று 8,000, இரண்டு மாதம் கழித்து 45,000 என்று பேசியிருக்கிறீர்கள். ஆக இரண்டு செக்.

பெயரில் தொடங்குவோம். 'உங்கள் பாஸ்புக்கில் பெயர் எப்படி இருக்கிறது?' என்று அவரிடமே கேட்டு, இனிஷியலோடு அப்படியே எழுதுங்கள். ஊரெல்லாம் அவரைச் செல்வம் என்று கூப்பிடலாம், வங்கிக் கணக்கு கடையின் பெயரில் இருக்கலாம். பெயர் பொருந்தாவிட்டால் அவருடைய வங்கியே செக்கை வாங்காது. பெயர் முடிந்ததும் மீதி இடத்தில் வரியின் கடைசி வரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

அந்த வரியின் முடிவில் 'ஆர் பேரர்' என்று அச்சிட்டிருக்கும். செக்கைக் கொண்டுவருபவருக்கும் கொடுக்கலாம் என்று அதற்குப் பொருள். அதை அடிக்காமலும் கிராஸ் செய்யாமலும் கொடுத்த செக் வழியில் தொலைந்தால், எடுத்தவர் கவுண்டரில் நீட்டிப் பணமாக்கிவிடலாம். அந்தச் சொற்களை ஒரே கோடாக அடித்துவிடுங்கள்.

அடுத்தது கிராஸிங். செக்கின் இடது மேல் மூலையில் சாய்வாக இரண்டு இணைகோடுகள். இந்த இரண்டு கோட்டுக்கு உள்ள பொருள் ஒன்றே ஒன்றுதான்: கவுண்டரில் ரொக்கமாகத் தரக் கூடாது, ஏதாவது ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். 'ஏதாவது ஒரு' என்பதைக் கவனியுங்கள். வெறும் கோடு போட்ட பேரர் செக்கை வேறொருவர் தன் கணக்கில் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. கிராஸ் செய்துவிட்டோமே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுவது இந்த இடத்தில்தான். இரண்டு கோட்டுக்கு நடுவே 'அக்கவுண்ட் பேயீ' என்ற இரண்டு சொல்லை எழுதினால் அந்த வழி அடைபடுகிறது. பெயர் எழுதியிருப்பவரின் கணக்கைத் தவிர வேறு எதிலும் அதை வரவு வைக்கக் கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இட்டிருக்கும் கட்டளை. அடுத்தவருக்குக் கொடுக்கும் எந்தச் செக்காக இருந்தாலும் இதை எழுதிவிடுங்கள். உங்கள் சொந்தச் செலவுக்குப் பணம் எடுக்க 'செல்ஃப்' என்று எழுதும் செக்கில் மட்டும் கோடு போடாதீர்கள். போட்டால் கவுண்டரில் பணம் தர மாட்டார்கள்.

இப்போது தொகை. எழுத்தால் எழுதும் இடத்தில்தான் திருத்தும் கை உள்ளே புகும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரூபாய் என்று அச்சிட்ட சொல்லுக்கும் உங்கள் எழுத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை விட்டு 'எட்டாயிரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடைவெளியில் ஒருவர் 'ஒரு லட்சத்து' என்று சேர்த்தால் என்ன ஆகும்? 'ஒரு லட்சத்து எட்டாயிரம்'. தமிழில் பெரிய எண் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், பின்னால் இருக்கும் சொல்லைத் தொடவே வேண்டாம். கட்டத்துக்குள் 8,000-க்கு முன்னும் இடம் விட்டிருந்தால் அங்கே ஒரு ஒன்றையும் பூஜ்யத்தையும் போட்டு 1,08,000 ஆக்கிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஆபத்து பின்பக்கம். 'எய்ட்' என்ற சொல்லின் கடைசியில் ஒய் என்ற ஓரெழுத்தைச் சேர்த்தால் 'எய்ட்டி', எட்டாயிரம் எண்பதாயிரம் ஆகிவிடும். கட்டத்தில் 8000 என்று கமா இல்லாமல் எழுதியிருந்தால் கடைசியில் ஒரு பூஜ்யம் போதும்.

ஆகவே தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், அச்சிட்ட ரூபாய் என்ற சொல்லை ஒட்டியே தொடங்குங்கள். சொற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி வேண்டாம். 'எட்டாயிரம் மட்டும்' என்று முடித்து, மீதியைக் கோட்டால் அடைத்துவிடுங்கள். கட்டத்தில் ரூபாய்க் குறியை ஒட்டி 8,000 என்று கமாவோடு எழுதி, பின்னால் சாய்கோடும் சிறு கோடும் போடுங்கள். ஆயிரத்து ஐந்நூறு எழுதும்போது 'ஓராயிரத்து ஐந்நூறு' என்றே எழுதுங்கள். வெறும் 'ஆயிரத்து' என்று தொடங்கினால் அதன் முன்னால் 'பத்து' வந்து உட்கார இடம் கிடைத்துவிடும்.

எழுத்தில் ஒன்றும் எண்ணில் ஒன்றுமாக இருந்தால்? எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில், இரண்டும் மாறுபடுகின்றன என்று குறித்து வங்கி திருப்பி அனுப்பிவிடும். சட்டத்தை நம்பி அந்தச் செக்கை நீட்டாதீர்கள். பெயரிலோ தொகையிலோ ஓரெழுத்து பிசகினாலும் அடித்து எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கம் இப்போது செல்லாது. படம் வழியாக நடக்கும் கிளியரிங்கில் திருத்திய செக்கை ஏற்பதில்லை. தேதியைப் புதுப்பிக்கும் திருத்தத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும்கூட வேறு தாளில் எழுதுவதுதான் என் யோசனை. பிசகிய தாளின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கிழித்துவிடுங்கள்.

தேதிக்கு வலது மேல் மூலையில் எட்டுக் கட்டம். 2026 பிப்ரவரி 9 என்றால் 0, 9, 0, 2, பிறகு 2026. ஒற்றை இலக்க நாளுக்கும் மாதத்துக்கும் முன்னால் பூஜ்யம் கட்டாயம். 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம். மூன்று மாதம் என்பது காலண்டர் மாதம், 90 நாள் கணக்கு அல்ல. இந்தச் செக்கை மே 9ஐ எட்டுவதற்குள் போட வேண்டும். அந்த மே 9 இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. மே 9 வரை செல்வம் காத்திருந்தால் அந்த செக் வீண்.

தேதியில் அதிகம் நடக்கும் தவறு ஜனவரியில்தான் நடக்கிறது. 2026 ஜனவரி 5 அன்று கை பழக்கத்தில் 2025 என்று எழுதிவிடுகிறது. எழுதும்போதே அந்த செக்குக்கு ஒரு வயது ஆகிவிட்டது, காலாவதி என்று திரும்பி வரும். ஜனவரியில் தாளைக் கிழிக்கும் முன் கடைசி நான்கு கட்டங்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

இனி இரண்டாவது செக், 45,000 ரூபாய்க்கு. இன்று எழுதி 2026 ஏப்ரல் 10 என்று தேதி போட்டுக் கொடுக்கிறீர்கள். இதைத்தான் பின்தேதியிட்ட செக் என்கிறோம். ஏப்ரல் 10க்கு முன்னால் செல்வம் இதைப் போட்டால், பின்தேதி என்று குறித்து வங்கி திருப்பும், பணம் போகாது. ஆயுள் மூன்று மாதமும் ஏப்ரல் 10லிருந்துதான் கணக்கு, நீங்கள் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அல்ல. தேதியில்லாமல் கையெழுத்து மட்டும் போட்டு 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்று கொடுக்காதீர்கள். வெற்றுச் செக்கில் விருப்பத்தோடு கையெழுத்திட்டுக் கொடுத்தவருக்கும், அந்தச் செக் கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற சட்ட அனுமானம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும்.

பின்தேதி எழுதும்போது உங்கள் கணக்கில் பணம் எப்போது வரும் என்பதை வைத்துத் தேதியைத் தேர்ந்தெடுங்கள். சம்பளம் ஒன்றாம் தேதி என்றால் செக்குக்கு ஐந்துக்கு மேல் போடுங்கள். குறித்த நாளில் காலையிலேயே கணக்கில் பணம் இருக்க வேண்டும். காலையில் செக் போட்டால் மறுநாள்தானே கழியும், சாயங்காலம் பணம் கட்டிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது உதவாது. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகளை நாள் முழுக்க ஓட்டமாகக் கிளியர் செய்கிறார்கள், அன்றைக்கே முடிவு வந்துவிடும்.

பணமில்லாமல் செக் திரும்பினால் என்ன ஆகும்? அந்தத் தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் செல்வம் உங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பலாம். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. கட்டாவிட்டால் அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் அவர் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அந்தப் பிரிவில் இடம் உண்டு. பணத்தைக் கொடுக்காதே என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டாலும், கொடுக்க வேண்டிய கடன் இருக்கும்வரை வழக்கிலிருந்து தப்ப முடியாது.

பலரும் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. மார்ச் மாதம் கையில் பணம் வருகிறது, செல்வத்துக்கு 20,000 ரூபாயைச் செல்போனிலேயே அனுப்பிவிடுகிறீர்கள். பாக்கி 25,000தான். ஆனால் 45,000 ரூபாய்ச் செக் அவர் கையிலேயே இருக்கிறது. ஏப்ரல் 10 அன்று கடைப் பையன் தெரியாமல் அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் முழுத் தொகையும் கழியும், இல்லையேல் செக் திரும்பும். பாதிப் பணம் வாங்கியதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138ஆம் பிரிவு பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அந்த வாதம் கோர்ட்டில் நிற்கும்போதுதான் உதவும். 20,000 அனுப்பும் அன்றைக்கே அந்தப் பழைய செக்கைத் திரும்ப வாங்குங்கள். அதே தேதிக்கு 25,000 ரூபாய்க்குப் புதிய செக் கொடுங்கள். வாங்கிய தாளில் கையெழுத்து இருக்கும் மூலையையும் அடியில் உள்ள எண் பட்டையையும் தனித்தனியாகக் கிழித்துப் போட்டுவிட்டு, செக் புத்தகத்தின் பதிவுத் தாளில் அந்த ஆறு இலக்க எண்ணுக்கு எதிரே 'திரும்ப வாங்கியாயிற்று' என்று தேதியோடு எழுதி வையுங்கள்.

வணக்கம்.