குரூப் 4: கடைசி இரண்டு மாதத்தில் எதையெல்லாம் விடுவது?

எல்லோருக்கும் வணக்கம். என்ன படிக்க வேண்டும் என்ற அட்டவணை உங்கள் எல்லோரிடமும் இருக்கும். தேர்வு முடியும் வரை எதைச் செய்யக் கூடாது என்ற பட்டியலை இன்று எழுதுவோம்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். அரை மணிக்கு ஒரு தடவை, என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து மட்டும் வாருங்கள். நேரத்தை அதிகம் தின்பது பெரும்பாலும் சினிமாவோ கிரிக்கெட்டோ அல்ல, படிப்பு வேஷம் போட்டு வரும் வேலைகள்தான் என்று அப்போது தெரியும்.

அதில் முதலாவது, டெலிகிராமில் புதுப்புது பிடிஎஃப் இறக்குவது. மொத்தம் 200 கேள்வியில் 100 தமிழ்ப் பகுதி. அதன் 150 மதிப்பெண்ணில் 60 வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்த 100 கேள்விக்கு, பாதி படித்த பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை இன்னொரு முறை முடிப்பதுதான் உதவும். பிரிக்காத புதுக் கையேடு உதவாது. ஆகவே பட்டியலில் முதல் வரி: "இன்றுமுதல் புது மெட்டீரியல் வாங்குவதில்லை, இறக்குவதில்லை."

இரண்டாவது, தினமும் ஒரு முழு மாதிரித் தேர்வு. உழைப்பது போலத் தெரியும், ஆனால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எழுத மூன்று மணி நேரம். தப்பான ஒவ்வொரு கேள்வியையும் புத்தகத்தில் தேடிப் பார்க்க இன்னொரு மூன்று மணி நேரம். வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஆறு மணி நேரம் தினமும் கிடைக்காது. அதனால் திருத்திப் பார்ப்பதை விட்டுவிடுகிறார். போன வாரம் தப்பாகப் போட்ட அதே விகிதக் கணக்கு இந்த வாரமும் தப்பானால், காரணம் இதுதான். வாரத்துக்கு ஒரு தேர்வு போதும். ஞாயிறு காலை 9.30க்கு எழுதுங்கள், மாலையில் திருத்துங்கள்.

அடுத்து, வருவதாக ஒப்புக்கொண்ட விசேஷங்கள். கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் மனஸ்தாபம் வரும். இப்போதே சொல்லிவிடுங்கள்: "பெரியம்மா, முகூர்த்தத்துக்கு வந்துடுறேன், முந்தின நாள் ராத்திரி மட்டும் தங்க முடியாது." முழுசாக மறுக்காமல் எதற்கு வருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எழுதும் விதமும் முக்கியம். "போனைக் குறைப்பேன்" என்று எழுதினால் இரண்டு நாள்கூட நிற்காது. "ராத்திரி 9 மணிக்கு மேல் போனும் சார்ஜரும் ஹாலில் பீரோ மேல்" என்று எழுதுங்கள். செய்தோமா இல்லையா என்று யார் பார்த்தாலும் சொல்லும்படி இருக்க வேண்டும். ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம்.

தூக்கத்தையும் தினசரிக் கணக்குப் பயிற்சியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். கணக்குப் பகுதியின் 25 கேள்வி, அதாவது 37.5 மதிப்பெண், கை பழக்கத்தில் வருவது. இரண்டு வாரம் விட்டால் வேகம் போய்விடும்.

ஞாயிறு இரவு இந்தப் பட்டியலை எடுத்து, மீறிய வரிக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். ஒரே வரிக்கு ஒரு வாரத்தில் மூன்று கோடு விழுந்தால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள். பீரோ மேல் வைத்தும் கை போகிறதென்றால், 9 மணிக்குப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடலாம்.