மஞ்சள் விளக்கில் எடுத்த ஸ்ட்ரிப் போட்டோ

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு போட்டோவிலிருந்து தொடங்குகிறேன். நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் தெரிந்தவர்கள் நேரம் காலம் பார்க்காமல் வாட்ஸப்பில் எதையாவது அனுப்பிவிட்டு "இது என்னன்னு பாரு" என்பார்கள். அப்படி ஒரு நாள் இரவு, 54 வயதுள்ள என் சிநேகிதர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். அதைப் பற்றிப் பேசலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாளாக மாலையில் கணுக்கால் வீங்குகிறதாம். சிறுநீரில் சர்க்கரை, புரதம், ரத்தம் இருந்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறிக் காட்டும் யூரின் ஸ்ட்ரிப்பைக் கடையில் வாங்கி, சிறுநீரில் நனைத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார். கூடவே ஒரு வரி: "சுகர் லேசா இருக்கு போல, மத்ததெல்லாம் நார்மல்தானே?"

படத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரி மாதிரித்தான் இருந்தது. சர்க்கரைக் கட்டம் லேசான பச்சை. புரதக் கட்டம் மஞ்சள். ரத்தக் கட்டமும் மஞ்சள். ஆனால் எனக்கு முதலில் உறுத்தியது கட்டங்கள் இல்லை. அவை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை. அது வெள்ளையாக இருக்க வேண்டியது. படத்தில் பழைய காகிதம் மாதிரி பழுப்பேறிக் கிடந்தது.

அந்தப் பழுப்பு ஏன் முக்கியம் என்று புரிய, மூன்று கட்டங்களும் எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்குப் போகின்றன என்று பார்க்க வேண்டும். பரவலாக விற்கும் பத்துக் கட்ட ஸ்ட்ரிப்களில் சர்க்கரைக் கட்டம் ஒன்றும் இல்லாதபோது இளநீலம். சர்க்கரை கூடக்கூடப் பச்சையாகி, கடைசியில் பழுப்பாகும். புரதக் கட்டம் மஞ்சளில் தொடங்கிப் பச்சைக்கும், பிறகு நீலப்பச்சைக்கும் போகும். ரத்தக் கட்டமும் மஞ்சளில் தொடங்கிப் பச்சை வழியாகக் கருநீலத்துக்குப் போகும். கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும், அதனால் உங்கள் டப்பாவில் உள்ள அட்டவணைதான் உங்களுக்குக் கணக்கு. ஆனால் திசை பெரும்பாலும் இதுதான்.

இப்போது மேலே ஒரு மஞ்சள் விளக்கைப் போடுங்கள். இளநீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சையாகத் தெரியும். ஆக, இல்லாத சர்க்கரை இருப்பதாகக் காட்டும். பச்சையின் மேல் மஞ்சள் விழுந்தால் அது மஞ்சளுக்குத் திரும்பும். ஆக, இருக்கிற புரதமும் ரத்தமும் இல்லாததாகக் காட்டும். ஒரே விளக்கு, ஒரே படம், ஒரு கட்டத்தைக் கூட்டியும் மற்ற இரண்டைக் குறைத்தும் பொய் சொல்கிறது. நீலம் கலந்த வெளிச்சத்தில், உதாரணமாக நல்ல நிழலில், இது அப்படியே தலைகீழாகும். சும்மா இருக்கும் புரதக் கட்டம் லேசாகப் பச்சை தட்டும்.

கேமரா தானே நிறத்தைச் சரிசெய்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். முயற்சி செய்யும். ஆனால் படத்தில் முக்கால்வாசி மர மேசையாக இருந்தால், எது விளக்கின் நிறம், எது மரத்தின் நிறம் என்று அதற்குக் குழப்பம் வந்துவிடும். அதனால்தான் பிளாஸ்டிக்கைப் பார்க்கச் சொல்கிறேன். அது வெள்ளையாகத் தெரியாத படத்தில் நான் எந்தக் கட்டத்தையும் படிப்பதில்லை.

இன்னொரு கேள்வி, நனைத்து எத்தனை நேரம் கழித்து எடுத்த படம்? சிநேகிதரிடம் கேட்டேன். "ஒரு பத்து நிமிஷம் இருக்கும், போனைத் தேடிட்டு இருந்தேன்" என்றார். சர்க்கரைக்கு அரை நிமிடம், புரதத்துக்கும் ரத்தத்துக்கும் ஒரு நிமிடம் என்று டப்பாவில் போட்டிருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டால் வருகிற நிற மாற்றத்துக்கு மதிப்பே இல்லை. படத்தில் நேரம் பதிவாகியிருக்கும், ஆனால் அது படம் எடுத்த நேரம். நனைத்த நேரம் இல்லை.

சரி, மறுநாள் காலை முதல் சிறுநீரில் திரும்பச் செய்யச் சொன்னேன். சுத்தமான கப். ஸ்ட்ரிப்பை ஒரு விநாடி முக்கி எடுத்து, ஓரத்தைக் கப்பின் விளிம்பில் தேய்த்து வடிக்க வேண்டும், பிறகு கிடைமட்டமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கட்டத்தின் ரசாயனம் பக்கத்துக் கட்டத்துக்கு ஓடிவிடும். ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாத இடத்தில், வெள்ளைத் தாளின் மேல். பக்கத்திலேயே டப்பாவைப் படுக்க வைத்து, அட்டவணையும் ஸ்ட்ரிப்பும் ஒரே படத்தில் வர வேண்டும். ஒரே வெளிச்சம் இரண்டின் மேலும் விழுந்தால், வெளிச்சம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். டப்பா உருண்டை என்பதால் ஒரு பக்கம் நிழலும் மறுபக்கம் பளபளப்பும் வரும். தேவையான வரிசை மேலே வரும்படி உருட்டிக்கொள்ள வேண்டும். அரை நிமிடத்தில் ஒன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று என இரண்டு படம்.

அனுப்பினார். பிளாஸ்டிக் பளிச்சென்று வெள்ளை. சர்க்கரைக் கட்டம் சுத்தமான இளநீலம், அதாவது சர்க்கரை இல்லை. புரதக் கட்டம் ஐயமே இல்லாத பச்சை, அட்டவணையில் 2+. ரத்தக் கட்டம் மஞ்சள்தான், ஆனால் மேலே பச்சைப் புள்ளிகள் தெளித்த மாதிரி. முந்தின இரவு அவர் படித்ததற்கு நேர் எதிர்.

அந்தப் புள்ளிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ரத்தக் கட்டம் ஹீமோகுளோபினின் வேலையைத்தான் பிடிக்கிறது. முழுசான சிவப்பணு வந்து கட்டத்தில் உட்கார்ந்து, அங்கேயே உடைந்தால், அந்த இடம் மட்டும் பச்சையாகும். அதுதான் புள்ளி. கட்டம் முழுக்க ஒரே சீராகப் பச்சையானால், நிறைய அணுக்கள் இருக்கலாம், அல்லது அணு முன்பே உடைந்து ஹீமோகுளோபின் கரைந்திருக்கலாம். அல்லது ரத்தமே இல்லாமல் தசையிலிருந்து வந்த மயோகுளோபினாகவும் இருக்கலாம், ஏனென்றால் அந்தக் கட்டத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கடுமையான உடலுழைப்புக்குப் பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஸ்ட்ரிப்பில் ரத்தம் அதிகம் என்று காட்டி, மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுவே இல்லை என்றால், தசை சிதைவதாக நினைத்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிடாய் நாட்களும் கப்பைக் கழுவிய ப்ளீச்சும் பொய்யாக ரத்தம் காட்டும். வைட்டமின் சி மாத்திரை அதிகம் சாப்பிட்டால் ரத்தம், சர்க்கரை இரண்டுமே மறைந்துபோகும்.

இனி புரதம். அந்தக் கட்டத்தில் ஒரு சாயமும், அமிலத்தன்மையை ஒரே அளவில் பிடித்து வைக்கும் ஒரு கலவையும் இருக்கின்றன. அமிலம் மாறாமல் இருக்கும்போது ஆல்புமின் என்ற புரதம் வந்து அந்தச் சாயத்தோடு ஒட்டிக்கொண்டால் மஞ்சள் பச்சையாகிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. சிறுநீர் மிகுந்த காரமாக இருந்தால் அந்தக் கலவை தோற்றுப்போய், புரதம் இல்லாமலே பச்சை வரும். ஆகவே அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். கட்டம் 8 அல்லது அதற்கு மேல் என்றால் புரதத்தை நம்பாதீர்கள். மற்றது, ஸ்ட்ரிப்புக்கு ஆல்புமின்தான் நன்றாகத் தெரியும். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் வரும் சிறு புரதத் துண்டுகளை அது கோட்டைவிட்டுவிடும்.

சிநேகிதரின் பி.எச். 6, அதனால் அந்தச் சந்தேகம் இல்லை. 2+ என்பது ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 100 மில்லிகிராம். ஆனால் இது செறிவு, மொத்த அளவு இல்லை. ஒருவருக்கு ஒரு நாளில் 1,000 மில்லிகிராம் புரதம் வெளியேறுகிறது என்று வையுங்கள். அவர் ஒரு லிட்டர் சிறுநீர் கழித்தால் டெசிலிட்டருக்கு 100, அதாவது 2+. நிறையத் தண்ணீர் குடித்து மூன்று லிட்டர் கழித்தால் அதே புரதம் சுமார் 33 ஆகி, 1+ என்று காட்டும். நோய் அதேதான், தண்ணீர்தான் வேறு. அதனால் ஸ்ட்ரிப்பில் புரதம் வந்தால் அடுத்து ஆல்புமினையும், சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினினையும் ஒரே சிறுநீர் மாதிரியில் அளந்து விகிதம் பார்ப்பார்கள். கிரியாட்டினின் தண்ணீரால் புரதத்தோடு சேர்ந்தே நீர்த்துப்போவதால் விகிதம் மாறாது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் சாதாரணம். 300-ஐத் தாண்டினால் கடுமை.

காய்ச்சலும் கடுமையான உடற்பயிற்சியும் தற்காலிகமாகப் புரதம் காட்டும் என்பதால் ஒரு தடவை பச்சையைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் இவருக்குக் காய்ச்சலும் இல்லை, கால் வீக்கம் வேறு. புரதமும் ரத்தமும் சேர்ந்து வந்தால், சிறுநீர்க் குழாயில் எங்கோ ஒரு கசிவு என்பதை விட, சிறுநீரகத்தின் வடிகட்டியே சேதமா என்ற கேள்வி முன்னால் வருகிறது. அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்த அழுத்தம் 160/100. விகிதம் 900-க்கு மேல். மைக்ராஸ்கோப்பில் நெளிந்து சிதைந்த சிவப்பணுக்களும், அவை அச்சில் வார்த்த மாதிரி உருளையாக ஒட்டிய வார்ப்புகளும் இருந்தன. வார்ப்பு என்றால் ரத்தம் சிறுநீரகத்துக்குள்ளிருந்தே வருகிறது என்று பொருள். சிறுநீரக மருத்துவர் பயாப்ஸி எடுத்துச் சிகிச்சையைத் தொடங்கினார்.

(இங்கே முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "எனக்கு டாப்பாகிளிஃப்ளோசின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஸ்ட்ரிப்பில் சர்க்கரை 4+ வருகிறது, நான் பயப்பட வேண்டுமா?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி அம்மா. சாதாரணமாக ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். உங்கள் மாத்திரையின் வேலையே, சிறுநீரகம் சர்க்கரையைத் திருப்பி எடுக்காமல் செய்து வெளியேற்றுவதுதான். ரத்தச் சர்க்கரை 130 இருக்கும்போதும் உங்கள் ஸ்ட்ரிப் பழுப்பாகத்தான் இருக்கும். ஆகவே உங்கள் சர்க்கரை கட்டுப்பாட்டை இந்தக் கட்டத்தில் பார்க்க முடியாது, விரல் நுனி ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கும் ஒன்று: கட்டம் நீலமாக இருந்தால் சர்க்கரை நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 180-க்குக் கீழேயே எத்தனையோ பேருக்கு நோய் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், சிநேகிதர் தேறி வந்தபோது ஒன்று கேட்டார். "அன்னிக்கு ராத்திரி படத்துல எதுவுமே இல்லையா?" நான் அந்தப் பழைய படத்தைத் திறந்து, பிளாஸ்டிக் வெள்ளையாகும்வரை நிறத்தைச் சரிசெய்து பார்த்தேன். சர்க்கரைக் கட்டம் நீலத்துக்குத் திரும்பியது. புரதக் கட்டமும் பச்சையானது, ஆனால் பத்து நிமிடம் ஊறியது என்பதால் அந்தப் பச்சையில் எவ்வளவு உண்மை என்று சொல்ல வழியில்லை. புள்ளிகளைத் தேடினேன், கிடைக்கவில்லை. படம் கொஞ்சம் ஃபோகஸ் இல்லாமல் இருந்தது, வாட்ஸப் அதை இன்னும் சுருக்கியிருந்தது. ரத்தக் கட்டம் வெறும் மஞ்சள் சதுரமாகத்தான் நின்றது.